நான் வாங்கியது எந்த டாடா மோட்டார்ஸ்?

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருபவர்கள் பெயரைப் பார்த்துத்தான் பங்கை வாங்குகிறார்கள். ஆனால் ஒரே குழுமத்தில் பல நிறுவனங்கள் இருக்கின்றன. பெயர்களும் மாறுகின்றன, சில நேரம் ஒரு நிறுவனத்தின் பெயர் இன்னொன்றுக்குப் போய்விடுகிறது. அப்படியிருக்க, கையில் உள்ள பங்கை வெளியிட்டது யார் என்று எப்படி உறுதி செய்வது? 2025-ல் டாடா மோட்டார்ஸில் நடந்ததை வைத்தே பார்ப்போம்.

டாடா மோட்டார்ஸில் அப்படி என்ன நடந்தது?

கார்களையும் லாரி, பஸ்களையும் ஒரே நிறுவனம் தயாரித்து வந்தது. 2025 அக்டோபரில் அது இரண்டாகப் பிரிந்தது. லாரி, பஸ் வணிகம் புதிய நிறுவனம் ஒன்றுக்குப் போனது. கார் வணிகமும் ஜாகுவார் லேண்ட் ரோவரும் பழைய நிறுவனத்திலேயே தங்கின. அக்டோபர் 14 அன்று பழைய பங்கு வைத்திருந்தவர்களுக்கு, ஒரு பங்குக்கு ஒரு புதிய பங்கு என்ற கணக்கில் புதிய நிறுவனத்தின் பங்கும் கிடைத்தது.

குழப்பம் பெயரில்தான் வந்தது. பழைய நிறுவனம் ‘டாடா மோட்டார்ஸ் பாசஞ்சர் வெஹிக்கிள்ஸ் லிமிடெட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ‘டாடா மோட்டார்ஸ் லிமிடெட்’ என்ற பெயர் லாரி தயாரிக்கும் புதிய நிறுவனத்துக்குப் போனது. ஆகவே, பல ஆண்டுகளாக டாடா மோட்டார்ஸ் பங்கு வைத்திருந்தவரின் பழைய பங்கு இன்று அந்தப் பெயரில் இல்லை. இன்று அந்தப் பெயரைத் தேடி வாங்குபவருக்குக் கிடைப்பது கார் நிறுவனத்தின் பங்கு அல்ல.

பெயரை நம்ப முடியாதென்றால் எதை நம்புவது?

ஐ.எஸ்.ஐ.என். என்ற 12 இலக்க அடையாள எண்ணை. இந்திய நிறுவனப் பங்குகளுக்கு இதை வழங்குவது என்.எஸ்.டி.எல். அமைப்பு. கார் நிறுவனப் பங்கின் எண் INE155A01022. லாரி நிறுவனப் பங்கின் எண் INE1TAE01010.

முதல் எண்ணைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். IN என்பது இந்தியா. அடுத்துள்ள E, இது ஒரு நிறுவனம் வெளியிட்டது என்று காட்டுகிறது. 155A என்ற நான்கு இலக்கங்கள் அந்த நிறுவனத்துக்கே உரிய குறியீடு. 01 என்றால் சாதாரணப் பங்கு. அதையடுத்த 02 வரிசை எண். கடைசி 2, எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கணக்கிட்டுப் பார்க்க உதவும் சரிபார்ப்பு இலக்கம்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள நான்கு இலக்கங்களை. 155A, 1TAE என்று அவை வேறுபட்டால், இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். மூன்றாவது எழுத்து E-க்குப் பதிலாக F என்று இருந்தால், அது நிறுவனப் பங்கே அல்ல. மியூச்சுவல் ஃபண்ட் அல்லது இ.டி.எஃப். யூனிட்.

இந்த எண் மாறவே மாறாதா?

மாறும். ஆனால் மாறும் விதத்திலேயே விடை இருக்கிறது. 2011-ல் டாடா மோட்டார்ஸ் தன் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 2 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. அதற்கு முன் எண் INE155A01014, பிறகு INE155A01022. கடைசிப் பகுதி மட்டும் மாறியது; 155A அப்படியே இருந்தது. வெளியிட்ட நிறுவனம் அதேதான் என்று பொருள். 2025-ல் இதற்கு நேர் மாறாக நடந்தது: பெயர் மாறியது, எண் மாறவில்லை.

வாங்கும் முன் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் புரோக்கர் செயலியில் சுருக்கப் பெயரோடு நிற்காமல், நிறுவனத்தின் முழுப் பெயரையும் சந்தைக் குறியீட்டையும் பாருங்கள். கார் நிறுவனம் TMPV, லாரி நிறுவனம் TMCV. அடுத்து, என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. இணையதளத்தில் அந்தக் குறியீட்டைத் தேடி, அங்கே காட்டப்படும் ஐ.எஸ்.ஐ.என். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, நிறுவனத்தின் சட்டபூர்வ அடையாளத்தைப் பாருங்கள். மத்திய கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், பதிவு விவரம் கிடைக்கும். அதிலுள்ள 21 இலக்க சி.ஐ.என். எண்ணுக்குள் நிறுவனம் பதிவான ஆண்டு இருக்கும். கார் நிறுவனம் 1945-ல் பதிவானது. லாரி நிறுவனம் 2024-ல் பதிவானது. எது பழைய நிறுவனம், எது புதியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன ஆகும்?

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையில் நாடே ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கு விலை தொடர்ந்து ஏறியது. அந்த நிறுவனமோ 2019-லேயே வாயுத் தொழிலை நிறுத்திவிட்டு, முதலீட்டு நிறுவனமாக இயங்கி வந்தது. பெயரில் ஆக்சிஜன் இருந்தது; தொழிலில் இல்லை. ஆண்டறிக்கையின் முதல் சில பக்கங்களைப் புரட்டியிருந்தாலே இது தெரிந்திருக்கும்.

வாங்கிய பிறகு எதைச் சரிபார்ப்பது?

டெபாசிட்டரியின் கணக்கறிக்கையை. உங்கள் பங்குகள் புரோக்கரிடம் இருப்பதில்லை, என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். டெபாசிட்டரியில் உங்கள் டீமேட் கணக்கில் இருக்கின்றன. வழக்கமாக, வாங்கிய நாளுக்கு அடுத்த வேலை நாளில் அங்கே வரவாகும். இந்த டெபாசிட்டரிகளின் சொந்தத் தளத்தில் நுழைந்து, நீங்கள் குறித்து வைத்த எண்ணும் பங்கு எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இதைச் செயலியில் மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. போலி வர்த்தகச் செயலிகள் எந்த நிறுவனத்தின் பெயரையும், எத்தனை பங்குகளை வேண்டுமானாலும் திரையில் காட்டும். ஆனால் அப்படிக் காட்டுவதை டெபாசிட்டரியில் வரவு வைக்க அவற்றால் முடியாது. அங்கே இல்லையென்றால் பங்கு உங்களிடம் இல்லை.

எண் சரியாக இருந்தால் பங்கு நல்லது என்று அர்த்தமா?

இல்லை. ஐ.எஸ்.ஐ.என். எண் சொல்வது, பங்கை வெளியிட்டது யார் என்பதை மட்டுமே. சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகளுக்கும் இந்த எண் உண்டு. ஆகவே, “எண் இருக்கிறது, விரைவில் ஐ.பி.ஓ. வரும்” என்று சொல்லி ஒருவர் பங்கு விற்க வந்தால், அந்த எண் பட்டியலிடப்படும் என்பதற்கோ விலைக்கோ உத்தரவாதம் அல்ல. செபி அந்தப் பங்கைப் பரிந்துரைக்கிறது என்பதும் அதன் பொருள் அல்ல.

நிறுவனத்தின் தரத்தை ஆராய்வது இதற்குப் பிறகு செய்ய வேண்டிய தனி வேலை. ஆனால் எந்த நிறுவனம் என்று தெரியாமல் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது. ஆகவே அடுத்த முறை பங்கு வாங்கும்போது, விலையைப் பார்க்கும் முன் அந்த 12 இலக்க எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.