இரண்டு இரவுகள் எங்கே?

பெர்லினில் ஜூன் 10 முதல் 12 வரை மாநாடு. உரையாற்றப்போகும் பேராசிரியர் சென்னையிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழைப்புக் கடிதத்தில் அவர் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் சரியாக இருக்கின்றன. பேச்சாளராகப் பதிவாகிவிட்டது, கட்டணம் இல்லை என்ற வரியும் இருக்கிறது. ஓட்டல் அறை 9-ஆம் தேதி முதல் 12 காலை வரை, செலவு அமைப்பாளர்களுடையது.

ஆனால் விமானம் திரும்புவது 14-ஆம் தேதி. 12, 13 இரவுகளில் எங்கே தங்குவார்? கடிதத்தில் பதில் இல்லை. விசா அதிகாரி கடிதம், பயணத் திட்டம், விண்ணப்பப் படிவம் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். பயண நோக்கமும் தங்கும் ஏற்பாடும் போதுமான அளவு நிறுவப்படவில்லை என்பதே மறுப்புக்குக் காரணமாகிவிடலாம்.

இதைத் தவிர்ப்பது எளிது. விமானத் தேதிகளைக் கேட்டறிந்த பிறகே அமைப்பாளர் கடிதம் எழுத வேண்டும். தாங்கள் ஏற்கும் இரவுகள் எவை, பேச்சாளர் சொந்தச் செலவில் தங்கும் இரவுகள் எவை என்று ஓட்டல் முகவரியோடு பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு இரவுக்கான முன்பதிவைப் பேராசிரியர் இணைத்துவிடலாம். பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதால், திருத்திய கடிதம் கேட்க நேரம் வைத்துக்கொள்வது நல்லது.