வழுப்புள்ளியின் அருகில் ஒப்பு நிபந்தனை எண்

உள்ளீட்டில் நேரும் சிறிய ஒப்புப் பிழை, சார்பின் மதிப்பில் எத்தனை மடங்காகப் பெருகும் என்பதை ஒப்பு நிபந்தனை எண் அளவிடுகிறது. f வகையிடத்தக்கதாகவும், x, f(x) ஆகிய இரண்டும் பூச்சியமற்றனவாகவும் இருப்பின், அது κ(x) = |x f′(x) / f(x)| ஆகும்.

f(x) = 1/(1 − x) என்னும் சார்பின் மதிப்பு, x ஆனது 1-ஐ நெருங்கும்போது எல்லையின்றிப் பெருகுகிறது; x = 1 அதன் வழுப்புள்ளி. f′(x) = 1/(1 − x)² ஆதலின், κ(x) = |x/(1 − x)|. x = 0.999 எனில் f = 1000, κ = 999. உள்ளீட்டில் 10⁻⁶ ஒப்புப் பிழை நேர்ந்து x = 0.999000999 ஆயின், f ஏறத்தாழ 1001 ஆகிறது. அதாவது, விடையின் ஒப்புப் பிழை 10⁻³. Κ முன்னுரைத்தவாறே அது ஏறத்தாழ ஆயிரம் மடங்காகியுள்ளது. இது வினாவின் இயல்பேயன்றிக் கணிப்பு முறையின் குறையன்று.

எனினும் κ ஒரு முதல்வரிசைத் தோராயமே. உள்ளீட்டுப் பிழை 10⁻³ எனில், κ-இன்படி f ஏறத்தாழ 2000 ஆதல் வேண்டும்; உண்மையில் x = 0.999999, f = 10⁶. பிழையின் அளவு, வழுப்புள்ளிக்கு உள்ள தொலைவை ஏறத்தாழ எட்டிவிட்டமையே இதற்குக் காரணம்.

வழுப்புள்ளியின் அண்மை மட்டுமே பிழையைப் பெருக்குவதில்லை. g(t) = 1/t என்பதற்கு t = 0 வழுப்புள்ளி; ஆயினும், பூச்சியமல்லாத எல்லா t-க்கும் κ = 1. ஆகவே, 1 − x என்னும் வேறுபாட்டையே t = 0.001 என நேரடியாக அளக்க இயலுமாயின், அதே 1000 என்னும் மதிப்பு பிழை பெருகாமல் கிடைக்கும்.