சதி வழக்கில் ஒரு மாதிரி வைவா

குற்றச் சதி என்பது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சட்டவிரோதமான ஒன்றைச் செய்ய, அல்லது சட்டபூர்வமான ஒன்றைச் சட்டவிரோத வழியில் செய்ய, உடன்பட்டுக்கொள்வது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 120ஏ, 120பி என்று 1913இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள் இதைத் தனிக் குற்றமாக்கின. 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 61ஆவது பிரிவு இருக்கிறது. சட்டக் கல்லூரி வைவாவில் இந்தப் பிரிவு அடிக்கடி கேட்கப்படும். உடன்பாடு, அதையொட்டிய செயல், நிரூபணம் ஆகிய மூன்றையும் மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வார்கள். கீழே வரும் மாதிரி வைவா அந்தக் குழப்பத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறது.

தேர்வாளர் முதலில் ஒரு கற்பனைச் சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளரும் நகை மதிப்பீட்டாளரும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கவரிங் நகைகளைத் தங்கம் என்று சான்றளித்து, வேறு ஆட்கள் பெயரில் அடகு வைத்துக் கடன் எடுப்பது திட்டம். டீக்கடைக்காரர் காதில் எல்லாம் விழுகிறது. கவரிங் பெட்டியை ஓர் ஆட்டோ ஓட்டுநர், உள்ளே இருப்பது தெரியாமல் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒரு நகைகூட அடகுக்குப் போகுமுன் போலீஸ் வந்துவிடுகிறது.

“பணம் கைமாறவில்லை. நகை அடகு போகவில்லை. குற்றம் நடந்திருக்கிறதா?”

“இல்லை சார். உடன்பாட்டை ஒட்டி ஏதாவது ஒரு செயல் நடந்தால்தான் சதி.”

“எல்லா உடன்பாட்டுக்கும் அப்படியா? வரம்புரையை நினைவிலிருந்து சொல்லுங்கள்.”

மாணவி சற்று யோசித்துச் சரியான இடத்துக்கு வருகிறார். குற்றம் ஒன்றைச் செய்வதற்கான உடன்பாடு என்றால், உடன்பட்ட கணத்திலேயே சதி முழுமையடைந்துவிடுகிறது. வேறு செயல் தேவையில்லை. ஏமாற்றிப் பணம் பெறுவது குற்றம் என்பதால், செயலாளரும் மதிப்பீட்டாளரும் டீக்கடையிலிருந்து எழுந்தபோதே குற்றவாளிகள். நோக்கம் குற்றமாக இல்லாமல் வெறும் சட்டவிரோதமாக மட்டும் இருந்தால்தான் செயல் ஒன்று வேண்டும் என்கிறது வரம்புரை.

முதலில் வந்த தவறான பதிலுக்கு ஒரு காரணம் உண்டு. உடந்தை பற்றிய பிரிவில், சதியின் மூலம் ஒரு குற்றத்துக்கு உடந்தையாவதற்கு, அந்தச் சதியை ஒட்டி ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். 1913க்கு முன் பொதுவாக இருந்த ஏற்பாடு அதுதான். இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் ஒன்றின் நிபந்தனையை மற்றதில் ஏற்றிவிடுகிறார்கள்.

“அப்படியானால் செயல் தேவைப்படும் உடன்பாட்டுக்கு ஓர் உதாரணம்?”

“சார், இரண்டு பேர் சேர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் பல ஆண்டுகளாக உரிமையோடு அனுபவித்துவரும் வெளிச்சத்தை மறைத்துச் சுவர் எழுப்ப முடிவு செய்கிறார்கள். அது சிவில் வழக்குக்கு இடம் தரும், குற்றம் ஆகாது. வாய்ப்பேச்சோடு நின்றால் சதி இல்லை. செங்கல் இறக்கிக் கட்ட ஆரம்பித்தால் சதி.”

இது நல்ல பதில். தேர்வாளர் அடுத்துச் செயலாளரைப் பற்றிக் கேட்கிறார். மறுநாளே பயந்து, ‘நான் வரவில்லை’ என்று அவர் விலகிவிட்டால்? உடன்பட்டபோதே குற்றம் முடிந்துவிட்டதால் விலகல் அதை அழிக்காது. தண்டனையின் அளவில் மட்டும் அது கருதப்படலாம்.

“டீக்கடைக்காரர்?”

“அவருக்கு எல்லாம் தெரியும் சார். ஆனால் தெரிந்திருப்பது உடன்படுவது ஆகாது.”

“ஆட்டோ ஓட்டுநர்?”

“பெட்டியைக் கொண்டுவந்தார், ஆனால் நோக்கம் தெரியாது. அவருடைய செயல் இருக்கிறது, உடன்பாடு இல்லை.”

உடன்பாடு இல்லாத இடத்தில் எத்தனை செயல் இருந்தாலும் சதி கிடையாது என்பது இதில் தெளிவாகிறது. இருவர் வேண்டும் என்ற நிபந்தனையும் இதோடு சேர்ந்ததே. டோபன்தாஸ் வழக்கில் நால்வர் மீது மட்டும் சதிக் குற்றச்சாட்டு இருந்தது. மூவர் விடுதலையானபின் மீதி ஒருவரைச் சதிக்காகத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1955இல் தீர்ப்பளித்தது. ஒருவர் தனக்குத்தானே உடன்பட முடியாது.

அடுத்து நிரூபணம். சதிகாரர்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை.

“செயலே தேவையில்லை என்றீர்கள். ஆனால் அரசுத் தரப்பு கவரிங் பெட்டியை நீதிமன்றத்தில் ஏன் காட்டுகிறது?”

வைவாவின் மையக் கேள்வி இதுதான். குற்றத்தின் கூறாக ஒரு செயல் தேவைப்படுவது வேறு. உடன்பாட்டை ஊகிக்க ஆதாரமாக ஒரு செயல் உதவுவது வேறு. பெட்டி இல்லாவிட்டாலும் சட்டப்படி குற்றம் உண்டு. ஆனால் பெட்டி, அடிக்கடி நடந்த தொலைபேசி உரையாடல், போலிப் பெயர்களின் பட்டியல் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பேச்சு வெறும் வம்பு அல்ல என்று காட்டும். இத்தகைய சூழ்நிலைச் சாட்சியங்களில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக நிரூபணமாக வேண்டும். எல்லாம் சேர்ந்து சதியைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடம் தரக் கூடாது. இந்திரா காந்தி கொலை வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் கேஹர் சிங்கின் சதிப் பங்கைச் சூழ்நிலைகளிலிருந்து ஊகித்து உறுதி செய்தது. அதே தீர்ப்பில், ஆதாரம் போதாது என்று பல்பீர் சிங்கை விடுதலை செய்தது.

“கைதானபின் மதிப்பீட்டாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அது செயலாளருக்கு எதிராகச் செல்லுமா?”

“சதியின் கூட்டாளி சொன்னது எல்லோரையும் கட்டுப்படுத்தும் சார். சாட்சிய அதிநியம் 8ஆம் பிரிவு, பழைய 10.”

“எப்போது சொன்னது?”

மாணவி இங்கே தடுமாறுகிறார். அந்தப் பிரிவு, பொது நோக்கம் உயிரோடு இருந்த காலத்தில் அதைக் குறித்துச் சொன்னதையும் செய்ததையும் எழுதியதையும்தான் மற்றவர்களுக்கு எதிராகக் கொண்டுவருகிறது. சதி இருந்தது என்று நம்ப நியாயமான ஆதாரம் முதலில் வேறு வழியில் இருக்கவும் வேண்டும். 1940இல் மிர்சா அக்பர் வழக்கில் பிரிவி கவுன்சில் இந்தக் கோட்டைக் கிழித்தது. கணவனைக் கூலியாள் வைத்துக் கொன்றதாக மனைவி மீதும் அவளுடைய காதலன் மீதும் வழக்கு. கொலைக்கு முன் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஏற்கப்பட்டன. கைதானபின் அந்தப் பெண் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது இந்தப் பிரிவின்கீழ் காதலனுக்கு எதிராக ஏற்கப்படவில்லை. சதி அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் கடிதங்களே போதுமானவையாக இருந்ததால் மேல்முறையீடு தள்ளுபடியானது. அதேபோல மதிப்பீட்டாளர் முன்பு செயலாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உரிய மின்னணுச் சான்றிதழோடு வந்தால் செல்லும். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது.

“கடைசிக் கேள்வி. குற்றம் முடிந்தபின் ஒருவர் குற்றவாளிக்கு அடைக்கலம் தருகிறார். சதிகாரரா?”

“அடைக்கலம் தந்ததற்குத் தனிக் குற்றம் உண்டு சார். முன்னாலேயே உடன்பட்டிருந்தால் ஒழிய, சதி ஆகாது.”

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தொடர்பும் அறிவும் பிற்பாடு செய்த உதவியும் மட்டுமே உடன்பாடு ஆகிவிடாது என்ற அளவுகோலை வைத்து, உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியாக எடைபோட்டது. 1999 மே 11 அன்று வந்த தீர்ப்பில் நால்வரின் மரண தண்டனை உறுதியானது, மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மற்ற 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.