வாடகை நின்றுவிட்டால் எழுத வேண்டிய முதல் கடிதம்

இரண்டு மாதமாக வாடகை வரவில்லை. போன் செய்தால் "அடுத்த வாரம் கண்டிப்பா தர்றேன் சார்" என்கிறார். அடுத்த வாரம் போனையே எடுப்பதில்லை. இந்த நிலையில் பல வீட்டுக்காரர்கள் மோட்டார் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள், அல்லது நாலு பேர் எதிரில் சத்தம் போடுகிறார்கள். இரண்டுமே பாக்கியை வசூலித்துத் தருவதில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு விட்டிருப்பவருக்குச் சட்டம் காட்டும் முதல் படி ஒரு கடிதம்தான். அதைச் சரியாகவும் மரியாதையாகவும் எழுதுவது எப்படி என்று ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

சட்டம் கேட்பது என்ன?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்கள் அதன் 21-ஆவது பிரிவில் உள்ளன. அவற்றில் ஒன்று வாடகை பாக்கி.

அந்தக் காரணத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இரண்டு மாத பாக்கி நிற்க வேண்டும். அதைக் கேட்டு வீட்டுக்காரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதம் ஆகியும் முழு பாக்கி கட்டப்படாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாலோ, வாடகை நீதிமன்றத்தில் செலுத்திவிட்டாலோ, இந்தக் காரணத்தைச் சொல்லிக் குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்க முடியாது.

ஆகவே இந்த நோட்டீஸ் காலி செய்யச் சொல்லும் கடிதம் அல்ல. பாக்கியைக் கட்டி வீட்டில் தொடர்ந்து இருக்க, குடியிருப்பவருக்குச் சட்டம் தரும் ஒரு மாத வாய்ப்பை அறிவிக்கும் கடிதம். எவ்வளவு, எப்போதுக்குள், எப்படிக் கட்டினால் விஷயம் முடியும் என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் விளங்க வேண்டும். பிறகு இதே கடிதத்தை ஒரு நீதிபதி படிக்க நேர்ந்தால், அவரும் வரி வரியாகச் சரிபார்க்க முடிய வேண்டும்.

முதலில் கணக்கு

மதுரையில் ஒரு மாடி வீடு. வாடகை மாதம் 12,000 ரூபாய், மெயின்டனன்ஸ் 500 ரூபாய். ஒவ்வொரு மாத வாடகையையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அட்வான்ஸ் 36,000 ரூபாய். அக்டோபர் வரை ஒழுங்காக வந்தது. நவம்பர் வாடகைக்காக டிசம்பர் 12 அன்று கூகுள் பே வழியாக 5,000 ரூபாய் மட்டும் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. பிப்ரவரி 10 அன்று வீட்டுக்காரர் கடிதம் எழுத உட்காருகிறார்.

"மூன்று மாத பாக்கி, சுமார் 37,000" என்று எழுதினால் அங்கேயே பிசகிவிடும். வந்த 5,000 ரூபாயைக் கழிக்காமல் கேட்ட நோட்டீஸை, "கணக்கே தப்பு" என்று எதிர்த்தரப்பு எளிதாக மறுக்கும். மாதவாரியாகப் பிரித்தால் நவம்பருக்கு மீதி 7,500, டிசம்பருக்கு 12,500, ஜனவரிக்கு 12,500, மொத்தம் 32,500 ரூபாய். பிப்ரவரி வாடகை மார்ச் 5-க்குள்தான் வர வேண்டும் என்பதால் அது பாக்கி ஆகாது. அதை இதில் சேர்க்கக் கூடாது.

வட்டியிலும் இதே கவனம் வேண்டும். தாமதத்துக்கு இவ்வளவு வட்டி என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதே விகிதத்தில் கணக்கிட்டுத் தனி வரியாகக் காட்டலாம். இல்லையென்றால் கோபத்தில் ஒரு விகிதத்தை நாமே போட்டுக்கொள்ளக் கூடாது.

அடுத்து அட்வான்ஸ். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பது குடியிருப்பவர் வழக்கமாகச் சொல்லும் பதில். ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியது என்றிருந்தால், அதை நோட்டீஸிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் கையில் இருப்பதை ஒளிக்காமல் சொல்வது கடிதத்தின் நேர்மைக்கும் சாட்சி.

கடிதம்

இந்தக் கணக்கை வைத்து எழுதிய கடிதம் இது. பெயர், முகவரி இடங்களில் ஒப்பந்தத்தில் உள்ளபடியே நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் இருந்தால் இருவர் பெயருக்கும் எழுத வேண்டும்.

> மதுரை, 10.02.2026
>
> பெறுநர்: குடியிருப்பவர் பெயர், வாடகை வீட்டின் முகவரி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: மேற்கண்ட முகவரியில் உள்ள வீட்டின் வாடகை நிலுவை – செலுத்தக் கோருதல்.
>
> 01.06.2025 தேதியிட்ட வாடகை ஒப்பந்தப்படி தாங்கள் என் வீட்டின் முதல் மாடியில் குடியிருந்து வருகிறீர்கள். மாத வாடகை ரூ. 12,000, பராமரிப்புக் கட்டணம் ரூ. 500. இவற்றை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் செலுத்துவதாக ஒப்பந்தம். அக்டோபர் 2025 வரை தாங்கள் ஒழுங்காகச் செலுத்தியுள்ளீர்கள்.
>
> அதன்பின் நிலுவை வருமாறு:
> நவம்பர் 2025: ரூ. 12,500, இதில் 12.12.2025 அன்று வரவு ரூ. 5,000; மீதி ரூ. 7,500
> டிசம்பர் 2025: ரூ. 12,500
> ஜனவரி 2026: ரூ. 12,500
> மொத்தம்: ரூ. 32,500 (முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும்)
>
> இக்கடிதம் தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இத்தொகை முழுவதையும், இதுவரை செலுத்திவந்த அதே வங்கிக் கணக்கிலோ நேரிலோ செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். பெற்றதும் ரசீது தருவேன். பிப்ரவரி மாத வாடகை இதில் சேராது. அதை வழக்கம்போல் மார்ச் 5-க்குள் தரவும்.
>
> தாங்கள் கொடுத்த முன்பணம் ரூ. 36,000 என்னிடம் உள்ளது. ஒப்பந்தப்படி அது வீட்டைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியது என்பதால் இந்நிலுவையில் கழிக்கப்படவில்லை.
>
> கணக்கில் பிழை இருப்பதாகக் கருதினால் ரசீது அல்லது வங்கி விவரத்துடன் தெரிவியுங்கள், சரிபார்த்துத் திருத்திக்கொள்கிறேன். ஒரே தவணையில் செலுத்த இயலாவிட்டால் இந்த ஒரு மாதத்துக்குள் நேரில் வந்து பேசுங்கள். ஒத்துக்கொள்ளும் தவணைகளை இருவரும் எழுதிக் கையெழுத்திடலாம்.
>
> மேற்கண்ட காலத்துக்குள் தொகையும் வராமல், எழுத்துப்பூர்வ உடன்பாடும் ஏற்படாவிட்டால், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி வாடகை நீதிமன்றத்தில் மனு செய்ய நேரும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (வீட்டு உரிமையாளர் கையெழுத்து, பெயர், முகவரி, கைபேசி எண்)

ஏன் இப்படி?

"அக்டோபர் வரை ஒழுங்காகச் செலுத்தியுள்ளீர்கள்" என்ற வரியைக் கவனியுங்கள். அது உண்மை. படிப்பவரின் கோபத்தைத் தணிக்கும். பாக்கி எந்த மாதத்தில் தொடங்கியது என்பதையும் அதுவே நிலைநாட்டுகிறது. அவர் ஏன் கட்டவில்லை, வேலை போனதா, புது வண்டி மட்டும் வாங்கினாரே என்பதெல்லாம் கடிதத்தில் வரக் கூடாது. பாக்கியை நிரூபிக்க அவை உதவாது. ஆனால் வழக்கு என்று வந்தால், தனிப்பட்ட பகை என்று காட்ட அவையே போதும்.

கெடுவில்தான் அதிகம் தவறுகிறார்கள். பிப்ரவரி 10-ல் எழுதி "மார்ச் 10-க்குள் கட்டவும்" என்று தேதி போட்டுவிடுவார்கள். தபால் பிப்ரவரி 13-ல் கிடைத்தால் ஒரு மாதத்துக்கு மூன்று நாள் குறைந்துவிடும். சட்டம் தரும் ஒரு மாதம் கடிதம் கிடைத்ததிலிருந்து ஓடுகிறது. அதனால்தான் தேதி போடாமல் "கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம்" என்கிறோம். நாம் மனு செய்வதும் அந்த மாதம் முழுதாக முடிந்த பிறகே.

அடுத்த நடவடிக்கையைச் சொல்லும் வரியில் நீதிமன்றம் மட்டுமே இருக்கிறது. தண்ணீரை நிறுத்துவேன், ஈ.பி.யைத் துண்டிப்பேன், பூட்டுப் போடுவேன் என்று ஒரு சொல்கூட வேண்டாம். அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்துவதை இதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படி எழுதினால் பாக்கிக்கான ஆதாரமாக இருக்க வேண்டிய கடிதம் நமக்கு எதிரான ஆதாரமாகிவிடும்.

கொடுக்கும் முறை

நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும் என்பது, இந்த நோட்டீஸுக்கு 2017 சட்டம் சுட்டும் சொத்து மாற்றச் சட்டத்தின் 106(4) பிரிவு. தபாலில் அனுப்பலாம். நேரில் கொடுக்கலாம். குடியிருப்பவர் இல்லாவிட்டால் வீட்டில் அவருடைய குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ கொடுக்கலாம். இவை எதுவும் முடியாதபோதுதான் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். எடுத்தவுடன் கதவில் ஒட்டுவது சட்டப்படியும் தவறு, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்துவதும் ஆகும்.

தபால்தான் சிறந்தது. பழைய பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் பதிவும், சேர்ந்ததற்கான ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். கையெழுத்திட்ட நகல், தபால் ரசீது, ஒப்புகை மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்குப் போன கடிதத்தை வாங்க மறுப்பது, கடிதம் சேரவில்லை என்று ஆகாது. வாட்ஸ்அப்பில் ஒரு நகல் அனுப்பினால் செய்தி உடனே சேரும். ஆனால் தபாலுக்கு அது மாற்றாகாது.

அந்த ஒரு மாதத்தில்

பெரும்பாலும் பாதிப் பணம் வரும். மார்ச் 4 அன்று 12,500 ரூபாய் வந்தது என்று வையுங்கள். இது பழைய பாக்கியா, பிப்ரவரி வாடகையா? அனுப்பியவர் இன்ன மாதத்துக்கு என்று குறித்திருந்தால் அதற்கே வரவு வைக்க வேண்டும். குறிக்காவிட்டால் அவரைக் கேட்டு, ரசீதில் மாதத்தை எழுதி, "நோட்டீஸ்படி மீதி இவ்வளவு" என்றும் சேர்த்துக் கொடுங்கள். பணம் வந்தும் மாதம் தெரியாமல் போவதுதான் இத்தகைய வழக்குகளை இழுக்கிறது.

மாதம் முடிந்தும் பாக்கி நின்றால் ஒப்பந்தம், கணக்கு, நோட்டீஸ் கோப்போடு வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தமோ பதிவோ இல்லாதவர்கள் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

முழுத் தொகையும் காலத்துக்குள் வந்துவிட்டால் அன்றே ரசீது எழுதி, "10.02.2026 நோட்டீஸில் கேட்ட தொகை முழுவதும் வரவு" என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். கோப்பைத் தூக்கி எறிய வேண்டாம். கடைசி நேரத்தில் கட்டித் தப்பிக்கும் இந்தச் சலுகை, அதன்பின் வரும் ஏதேனும் ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை நின்றால் மறுபடி கிடைக்காது. முதல் முறை சலுகை பெற்றார் என்பதைக் காட்ட அந்த ரசீதின் நகல் உங்களுக்கு வேண்டும். நோட்டீஸ் தீர்ந்தது என்று காட்ட அதன் மூலப்படி அவருக்கு வேண்டும்.