ஒரு இலட்சத்தைத் தாண்டினால் ஏன் இத்தனை பத்திரம்?

ஹரோவில் இருக்கும் எங்களில் பலருக்குச் சென்னையில் பெற்றோர் இருக்கிறார்கள். அங்கே வைத்தியக் காப்புறுதிப் பணம் ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டினால் கம்பனி மூன்று பத்திரம் கேட்கும்: அடையாள அட்டை, பான் எனும் வரி இலக்கம், ரத்துச் செய்த காசோலை.

அப்பாவின் சத்திரசிகிச்சைக்கு 2,40,000 ரூபா ஆஸ்பத்திரியில் கட்டியாயிற்று என்று வையுங்கள். வைத்தியச் செலவைத் திருப்பித் தரும்போது வரி பிடிப்பதில்லை. பிறகேன் பான்? 2002ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்புச் சட்டப்படி, யாருக்குப் பணம் போகிறது என்பதைக் கம்பனி உறுதிசெய்ய வேண்டும். பான் இல்லாதவர் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம்.

பெரும்பாலும் இழுபடுவது பெயரில்தான். காப்புறுதியில் 'க. சிவராசா', பானில் 'கந்தையா சிவராசா', வங்கியில் வெறும் 'சிவராசா'. எங்களுக்கு ஒரே ஆள், கணினிக்கு மூவர். பணம் கட்டும் முன்பே வங்கிப் பெயரைத் திருத்துவது நல்லது.

காசோலையின் குறுக்கே இரண்டு கோடு கீறி, ரத்து என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். கையெழுத்து வைக்கவே வேண்டாம். கணக்கு இலக்கத்தில் ஓர் எண் பிழைத்தாலும் காசு வேறொருவருக்குப் போகலாம், அதனால்தான் அச்சடித்த காசோலையைக் கேட்கிறார்கள். அதில் பெயர் அச்சாகாவிட்டால் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி உதவும்.

பில்லை லண்டன் மகன் கட்டியிருந்தாலும், பணம் காப்புறுதி எடுத்தவரின் கணக்குக்கே போகும்.