பாதி அட்வான்ஸ் என்றால் எதில் பாதி?

காங்கேயம் பக்கத்தில் என் தங்கை மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறாள். நான்கு வருடமாக வெறும் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து வந்தவள், இந்தத் தையில் பெயர் வைத்து, லேபிள் ஒட்டி, கடைகளுக்குப் போடலாம் என்று முடிவு செய்தாள். தெரிந்தவர் மூலம் கோயம்புத்தூரில் தனியாக வேலை எடுத்துச் செய்யும் ஒரு டிசைனர் தம்பி கிடைத்தார். வேலை நன்றாக இருந்தது, பேச்சும் மரியாதையாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது:

“அக்கா, லோகோ லேபிள் வேலைய ஆரம்பிச்சுடறேனுங்க. 50% அட்வான்ஸ் போட்டு விட்டுருங்க. சேம்பிள் ஓகே ஆனதும் கொஞ்சம், மீதி முடிஞ்சதும் பாத்துக்கலாம். டோட்டலா 25 - 30 வரும்.”

தங்கை பணம் போடத் தயாராகிவிட்டாள். எவ்வளவு போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்டாள். 12,500 ரூபாயா, 15,000 ரூபாயா? அந்தக் கேள்விக்கு அந்தச் செய்திக்குள் பதில் இல்லை. அப்போதுதான் இருவரும் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படித்தோம்.

இப்படி எழுதுவதில் ஏமாற்றும் எண்ணம் ஏதும் இல்லை. பேச்சில் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம். வேலைக்காரர் வாங்கும் அட்வான்ஸ், சம்பளத்தில் கழிகிற பணம். நிலம் பேசும்போது கொடுக்கும் அச்சாரத்தையும் அட்வான்ஸ் என்றே சொல்கிறோம். கொடுத்தவர் பின்வாங்கினால் அது போனது போனதுதான் என்பது வழக்கம். டிசைனர் கேட்பது இந்த மூன்றில் எது? பாதியில் வேலை நின்றால் இருவரும் ஆளுக்கொரு அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பேரும் உண்மையையே பேசுவார்கள் என்பதுதான் இதில் வேதனை.

சட்டத்துக்கும் இந்தச் சிக்கல் பழையது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பொருள் தெளிவில்லாத, தெளிவாக்கவும் முடியாத உடன்பாடு செல்லாது என்று 29ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்கு அது தரும் உதாரணங்களில் ஒன்று, ‘நூறு டன் எண்ணெய்’ விற்பதாகப் பேசிவிட்டு என்ன எண்ணெய் என்று சொல்லாமல் விட்டது. இன்னொன்று, ஒரு வெள்ளைக் குதிரையை ‘ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ’ விற்பதாகப் பேசியது. ‘25 - 30 வரும்’ என்பது அந்தக் குதிரைதான். இதை வைத்துக் கொடுக்காமல் தப்பிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். வேலையை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டால் அதற்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. எவ்வளவு என்பதில்தான் சண்டை வரும்.

ஆகவே, பணத்துக்கு முன்னால் எண்ணிக்கையைக் கேட்டோம். கடலை, நல்லெண்ணெய், தேங்காய் என்று மூன்று எண்ணெய். ஒவ்வொன்றும் அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று மூன்று அளவு. ஆக ஒன்பது லேபிள். தங்கை அனுப்பிய பதில் இது:

“தம்பி, கணக்கு நோட்டில் எழுதி வைக்கணும், அதுக்காகக் கேக்கறேன். லோகோ ஒண்ணு, லேபிள் ஒன்பது. இதுக்கு மொத்தம் எவ்வளவுன்னு ஒரே தொகையாச் சொல்லுங்க. ஜிஎஸ்டி அதுக்குள்ளயா, தனியா? இப்ப எவ்வளவு, அடுத்தது எது கைக்கு வந்ததும் எவ்வளவு, கடைசி எது வந்ததும் எவ்வளவுன்னு ரூபாயில எழுதிருங்க.”

பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். “ஒன்பதுங்களா அக்கா? நான் மூணு லேபிள்னு நெனச்சுட்டேனுங்க!”

எண்ணெய்க்கு ஒன்றாக மூன்று என்று அவர் கணக்கு. ஒரு டிசைனை மூன்று அளவுக்கும் மாற்றித் தருவது அதிலேயே சேர்ந்தது என்று தங்கையின் கணக்கு. அளவு மாறினால் எழுத்து, படம் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. இது கடைசி வாரத்தில், பாட்டில்கள் வந்து இறங்கிய பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிய கணக்கு வந்தது. லோகோ 12,000. மூன்று எண்ணெய்க்கும் மூல லேபிள், ஒன்றுக்கு 4,500 வீதம் 13,500. மற்ற ஆறு அளவுகள், ஒன்றுக்கு 1,000 வீதம் 6,000. மொத்தம் 31,500. அவர் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர், அதனால் அந்த வரியை வசூலிக்க முடியாது. பதிவு செய்தவராக இருந்து ‘தனி’ என்று பிறகு சொல்லியிருந்தால், 18 சதவீதக் கணக்கில் இன்னும் 5,670 ரூபாய் கூடியிருக்கும்.

தவணையைச் சதவீதத்தில் எழுதாமல் ரூபாயில் எழுதச் சொன்னதற்குக் காரணம், வேலை நடுவில் கூடினாலும் குறைந்தாலும் சதவீதமும் கூடவே நகரும். ‘ஓகே ஆனதும்’, ‘முடிஞ்சதும்’ என்பதற்குப் பதிலாகக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்வு வேண்டும். பேசி முடித்தது இப்படி:

முதல் தவணை 12,000, இப்போதே. பணம் சேர்ந்த பத்து நாளில் மூன்று லோகோ மாதிரிகள் வரும். வராவிட்டால் பணம் முழுதும் திரும்பும். வந்த பிறகு தங்கை வேண்டாம் என்றால் திரும்பாது. இரண்டாவது 10,500, லோகோவுக்கும் மூன்று மூல லேபிளுக்கும் ‘இது உறுதி’ என்று தங்கை எழுத்தில் அனுப்பிய அன்று. மூன்றாவது 9,000, ஒன்பது லேபிளின் பார்வைப் பிரதியும் வந்த அன்று. அது சேர்ந்ததும் அதே நாளில் அச்சுக்கான பிடிஎஃப் கோப்பும், திருத்தக்கூடிய மூலக் கோப்பும் அவள் கைக்கு வந்துவிடும். திருத்தம் இரண்டு சுற்று. ஒரு சுற்று என்பது எல்லா மாற்றத்தையும் ஒரே செய்தியில் சொல்வது. அதற்கு மேல் சுற்றுக்கு 500.

டிசைனருக்கும் ஒரு பயம் இருந்தது, அதையும் அவர் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். பலரிடம் வேலை முடிந்தும் பணம் நிற்குமாம், ஏனென்றால் லேபிளில் போட வேண்டிய உணவுப் பாதுகாப்பு உரிம எண் வந்திருக்காது, அச்சுக்குப் போகாது, ‘முடியவில்லையே’ என்பார்கள். தங்கைக்கும் உரிம எண் இன்னும் கைக்கு வரவில்லை. எனவே, இரண்டாம் தவணைக்குப் பின் முப்பது நாளில் எண் வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு முடித்துக் கொடுப்பார், 9,000 வாங்கிக்கொள்வார், எண் வந்ததும் இலவசமாகச் சேர்த்துத் தருவார் என்று எழுதினோம். தெளிவு கேட்டதால் நன்மை இருவருக்கும் கிடைத்த இடம் இது என்பேன்.

இவ்வளவுக்கும் வாட்ஸ்அப் போதும். மின்னணு வழியில் நடந்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. லோகோவின் காப்புரிமை மட்டும் வேறு. வெளியாள் வரைந்த லோகோவுக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே உரிமை நம்முடையதாகிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பவர் எழுத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஒரு பக்கத் தாளில், மூன்றாம் தவணை சேர்ந்த நாளிலிருந்து உரிமை முழுக்காலத்துக்கும் தங்கைக்கு என்று எழுதி, அவர் கையெழுத்திட்டு அனுப்பினார்.

அந்தத் தாள் வந்த அன்று மாலை தங்கை 12,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பினாள். குறிப்பில் ‘தவணை 1/3, லோகோ’ என்று எழுதினாள்.