கறைக்கு ஒரு கதை – 14: குத்துவிளக்கு எண்ணெயும் கூறைச் சேலையும்

போன வாரம் மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டு வெளுக்க வைத்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் சரிகை ஏன் கறுக்கிறது என்று சொல்வதாக வாக்கு. அதற்குள் வெள்ளவத்தையில் ஓர் எண்ணெய்க் கறை குறுக்கே வந்துவிட்டது.

இராமகிருஷ்ண வீதிப் பக்கம் ஒரு தொடர்மாடி வீடு. பேத்திக்குக் கலியாணம் முடிந்து மூன்று நாள். மண்டபம் கொட்டாஞ்சேனையில், அம்மம்மா பிறந்து வளர்ந்த இடமும் அதுதான். கூறையை மடித்து வைக்க எடுத்தபோதுதான் முந்தானையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் ஒரு திட்டு தெரிந்தது. மணவறையைச் சுற்றி வரும்போது குத்துவிளக்கின் அடித்தட்டில் முந்தானை தொட்டிருக்கிறது. அங்கேதான் எண்ணெய் வழிந்து தேங்கி நிற்கும்.

பேத்தி நேரே குளியலறைக்குப் போய்ச் சவர்க்காரத்தைக் கையில் எடுத்தாள்.

"தண்ணி காட்டாதை பிள்ளை! முதல்ல சொல்லு, விளக்குக்கு என்ன எண்ணெய் ஊத்தினவை?"

"நல்லெண்ணெய், அம்மம்மா. ஏன், எல்லாம் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை. தேங்காயெண்ணெய் எண்டால் நாளைக்கும் பார்க்கலாம். நல்லெண்ணெய் நிண்டு பார்க்காது."

அம்மம்மா சொன்னது அனுபவம். அதற்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானம்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து பிடித்துக்கொள்ள அதில் இடம் குறைவு. ஆகவே துணியில் அது வெகுநாள் எண்ணெயாகவே கிடக்கும். நல்லெண்ணெய் அப்படியில்லை. அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு லினோலெயிக் அமிலம். அந்த அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளில் ஒட்சிசன் ஏறும்; ஏறியபின் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். திரவமாக இருந்தது மெல்ல மெல்லப் பிசினாகும், மஞ்சளாகும், கடைசியில் நூலைச் சுற்றி ஒரு பூச்சுப்போல இறுகும். அந்த நிலைக்குப் போய்விட்டால் அதை எண்ணெய்க் கறை என்று சொல்வதே தவறு.

கிரிக்கெட் விளையாடிய வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிப் படுக்கவைத்தால் சில நாளில் அது காய்ந்து தோல் பிடிக்கும். தண்ணீர் ஆவியாவதுபோல எண்ணெய் ஆவியாவதில்லை. ஒட்சிசனை வாங்கிக் கெட்டியாகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் படம் தீட்டியதும் இதை நம்பித்தான். நல்லெண்ணெய் அவ்வளவு வேகமாகக் காயாது. ஆனால் அதுவும் அந்தக் குடும்பத்தில் ஒரு சோம்பேறித் தம்பி. அலுமாரிக்குள் சும்மா கிடக்கும் பட்டில் அதற்கு அவசரமே இல்லை.

அம்மம்மாவின் சொந்தக் கூறையிலும் அப்படி ஒரு மஞ்சள் திட்டு உண்டு. "நான் கவனியாமல் மடிச்சு வைச்சது" என்று காட்டினார். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் விறைப்பாக இருக்கிறது.

சூடு இந்த வேலையைத் துரிதப்படுத்தும். அதனால்தான் கறையுள்ள சேலைக்கு இஸ்திரிப்பெட்டி கூடாது என்பது அம்மம்மாவின் முதல் சட்டம். இரண்டாவது சட்டம், உரஞ்சக் கூடாது. நனைந்த பட்டிழையைத் தேய்த்தால் அதன் மேற்பரப்பு பிசிறடித்து வெளுத்ததுபோல் தெரியும். கறை போனாலும் அந்த வெளிறல் போகாது. சவர்க்காரக் கட்டியைத் தடுத்ததும் காரணமில்லாமல் அல்ல. பட்டு ஒரு புரதம். துணி துவைக்கும் சவர்க்காரம் காரத்தன்மையுள்ளது. காரம் புரதத்தை அரிக்கும்.

பிறகு வேலை தொடங்கியது. பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து மேசையில் விரித்து, முந்தானையைப் புறம் திருப்பி அதன்மேல் வைத்தார்கள். எண்ணெய் வந்த வழியே திரும்பிப் போகவேண்டும் என்பது கணக்கு. பின்பக்கத்திலிருந்து வெள்ளைக் கடதாசியை வைத்து அழுத்தினார்கள், தேய்க்கவில்லை. கடதாசி எண்ணெய் ஏறாமல் வரும்வரை மாற்றி மாற்றி வைத்தார்கள். அதன்பின் நிறம் சேர்க்காத வெள்ளை டால்க் பவுடரை அரைவிரல் தடிப்புக்குக் குவித்து, மேலே ஒரு கடதாசியும் ஒரு தடித்த புத்தகமும் வைத்துவிட்டு நித்திரைக்குப் போனார்கள்.

டால்க் பவுடர் ஒரு கல். மக்னீசியம் சிலிக்கேற்று. அதன் துகள்கள் மெல்லிய தகடுகள். தகட்டின் முகம் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை ஏற்றுக்கொள்ளும். கொழும்பின் ஈரக்காற்றில் இது பெரிய உதவி. இப்போது சில குழந்தைப் பவுடர்களில் டால்க்குக்குப் பதில் சோளமாவு வருகிறது. அதுவும் எண்ணெயை இழுக்கும், ஆனால் மழைநாளில் ஈரம் வாங்கிக் கட்டிபடும். பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குவது நல்லது.

காலையில் மெல்லிய தூரிகையால் பவுடரைத் தட்டிவிட்டு, அம்மம்மா சேலையை யன்னலுக்கு நேரே பிடித்தார்.

"வடிவாப் பார். இந்த இடத்தால மட்டும் வெளிச்சம் கூட வருதோ?"

வந்தது. இழைகளுக்கு நடுவிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கும். அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பினால் ஒளி சிதறாமல் கடந்துவிடும். மேலோட்டமாகப் பார்க்கக் கறை போனதுபோலிருந்தாலும் யன்னல் பொய் சொல்லாது. புதுப் பவுடர், இன்னோர் இரவு. அடுத்த காலையில் விளிம்பில் ஒரு மெல்லிய வளையமும், விளக்குக் கரி பட்ட இடத்தில் சாம்பல் நிறமும் மட்டும் மிச்சம்.

வளையத்துக்குப் பூந்திக்கொட்டை. சிங்களத்தில் பெனெல என்பார்கள். ஐந்து கொட்டையை விதை நீக்கி ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கும் தண்ணீர் கிடைக்கும். அதன் நுரை சப்போனினால் வருவது, காரமில்லாதது. ஆனால் முதலில் சேலையின் உள்முனையில் ஒரு சோதனை. நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்தபோது சிவப்பு ஏறவில்லை. ஏறியிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும், உலர்சலவைக் கடைதான். பஞ்சில் நுரையை மட்டும் எடுத்து ஒற்றி, பிறகு சுத்தமான ஈரத்துணியால் ஒற்றி, ஈரத்தின் ஓரத்தை வெளிப்பக்கமாகக் கலைத்து, மின்விசிறிக் காற்றில் உடனே காயவைத்தார்கள். ஓரத்தைக் கலைக்காமல் விட்டால் எண்ணெய்க் கறைக்குப் பதில் தண்ணீர்க் கறை குடியேறும்.

உலர்சலவை பிறந்த கதையிலும் ஒரு விளக்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜொலி என்பவர் வீட்டில் மேசைவிரிப்பின்மேல் விளக்கெண்ணெய் கவிழ்ந்ததாம். கவிழ்ந்த இடம் மட்டும் சுத்தமாகிவிட்டதாம். அந்த விளக்கில் இருந்தது டர்பன்டைன் வகைத் திரவம் என்கிறார்கள். நம் குத்துவிளக்கை அதற்குப் பயன்படுத்த முடியாது.

வளையம் போய்விட்டது. சாம்பல் நிறம் போகவில்லை. கரி எண்ணெய்போல் கரைந்து வராது. தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். "விடு பிள்ளை, மடிப்புக்குள்ள போற இடம்" என்று அம்மம்மா முடித்துவிட்டார்.

சரிகை அடுத்த வாரம் கட்டாயம். அதுவரை, சரிகை கறுத்த கூறை வைத்திருப்பவர்கள் எலுமிச்சம்பழத்தோடு அதன் பக்கம் போகவேண்டாம்.